கடைசித் திகதியிலேயே கார்ட் பில் கட்டியும் லேட் ஃபீ ஏன் விழுகிறது?

"கல்முனையில் இருக்கிறேன். என் கிரெடிட் கார்ட் பில்லுக்குக் கடைசித் திகதி மே 9. அன்றைக்குப் பின்னேரமே வேறொரு வங்கியின் ஆப்பில் முழுத் தொகை 84,600 ரூபாயையும் கட்டிவிட்டேன். Success என்று வந்தது, கணக்கிலிருந்து காசும் கழிந்தது. இப்போது வந்த ஸ்டேட்மென்டில் நான் கட்டியது மே 14 என்று விழுந்திருக்கிறது. லேட் ஃபீ 2,000 ரூபாய், அதோடு தனியாக வட்டியும் போட்டிருக்கிறார்கள். கார்ட் தந்த வங்கிக்குக் கோல் எடுத்தால் 'எங்களுக்குப் பிந்தித்தான் வந்தது' என்கிறார்கள். காசு கழித்த வங்கியைக் கேட்டால் 'நாங்கள் அனுப்பிவிட்டோம்' என்கிறார்கள். இதைத் திருப்பி வாங்க முடியுமா?"

பெரும்பாலும் முடியும். ஆனால் லேட் ஃபீயை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் விஷயத்தில் வட்டிதான் பெரிய தொகையாக இருக்கும். அதையும் சேர்த்துக் கேட்க வேண்டும், அதற்கும் முன்னால் ஐந்து நாளும் காசு எங்கே நின்றது என்று கண்டுபிடிக்க வேண்டும். அது தெரியாமல் பேசினால் இரண்டு வங்கியும் உங்களை மாறி மாறி அலையவிடும்.

முதலில் நாட்களைப் பாருங்கள். 2025 மே 9 வெள்ளிக்கிழமை. 10, 11 சனி ஞாயிறு. 12 திங்கள் வெசாக் போயா, 13 செவ்வாய் வெசாக்குக்கு அடுத்த நாள் விடுமுறை. ஆக, நீங்கள் கட்டிய பின்னேரத்துக்குப் பிறகு வங்கிகள் திறந்த முதல் நாள் 14 புதன். உங்கள் காசு கார்டில் விழுந்ததும் அதே நாள். இது தற்செயல் இல்லை. யாரோ மறந்துவிட்டதாலோ, காசு வழியில் தொலைந்ததாலோ வந்த தாமதமாக இருந்தால் திகதி இவ்வளவு சரியாக முதல் வேலை நாளில் வந்து நிற்காது. விடுமுறையில் நகராத ஏதோ ஒரு கட்டத்தில் காசு காத்திருந்திருக்கிறது.

ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கியின் கார்டுக்குக் காசு போக நம் நாட்டில் பல வழிகள் இருக்கின்றன. ஆப்பில் பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்று, CEFTS என்று திரையில் வரும் உடனடிப் பரிமாற்றம். லங்கா பே நடத்தும் இந்த வழி 24 மணி நேரமும், போயாவிலும் பெருநாளிலும் ஓடும். இரவு பதினொரு மணிக்கு அனுப்பினாலும் அடுத்த வங்கிக்கு உடனே போய்ச் சேரும். இரண்டாவது SLIPS. இது தனித்தனியாகப் போவதில்லை. வங்கி அன்றைய பரிமாற்றங்களை எல்லாம் தொகுதியாகச் சேர்த்து வேலை நாட்களில் மட்டும் அனுப்பும். ஒவ்வொரு வங்கியும் பகலில் ஒரு நேரத்தை எல்லையாக வைத்திருக்கும், அதைத் தாண்டினால் அடுத்த வேலை நாள்தான். மூன்றாவது, Bill Payment என்ற பகுதியில் கார்ட் வங்கியின் பெயரைத் தெரிவுசெய்து கார்ட் இலக்கத்தை அடித்துக் கட்டுவது. இதில் காசு உங்கள் கணக்கிலிருந்து உடனே கழியும். ஆனால் பல இடங்களில் அது முதலில் வசூலிக்கும் வங்கியின் அல்லது இடைநிறுவனத்தின் கணக்கில்தான் சேரும். யார் யார் எவ்வளவு கட்டினார்கள் என்ற கோப்பு அடுத்த வேலை நாளில் கார்ட் வங்கிக்குப் போகும், அதைப் பார்த்துத்தான் அவர்கள் ஒவ்வொரு கார்டிலும் வரவு வைப்பார்கள்.

இப்போது அந்த Success என்ற சொல்லுக்கு வருகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் ஏமாறுவது அங்கேதான். அந்தச் சொல் சொல்வது உங்கள் கணக்கிலிருந்து காசு எடுக்கப்பட்டதை மட்டும்தான். கார்டில் சேர்ந்துவிட்டது என்று அது சொல்லவில்லை. கார்ட் ஒப்பந்தங்களிலோ பொதுவாக, கார்ட் கணக்கில் வரவு வைக்கப்படும் நாளே கட்டிய நாள் என்று எழுதியிருப்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை ஆப் திரையில் ஒரு வரியிலாவது சொல்லாமல் விடுவது வாடிக்கையாளருக்குச் செய்யும் அநியாயம் என்பதுதான் என் எண்ணம். கல்முனை, மட்டக்களப்பு நகரம் என்றால் பரவாயில்லை, நடந்து போகும் தூரத்தில் அநேகமான வங்கிகளின் கிளைகள் இருக்கின்றன. வாகரையிலோ திருக்கோவிலிலோ இருப்பவருக்குக் கார்ட் தந்த வங்கியின் கிளை பக்கத்தில் இல்லாமல் போகலாம். அவர் வேறு வங்கியின் ஆப்பையோ ரீலோட் கடையையோ நம்பித்தான் கட்ட வேண்டும். இந்தத் தாமதம் அதிகம் அடிப்பதும் அவரைப் போன்றவர்களைத்தான்.

உங்கள் காசு எந்த வழியால் போனது என்று கண்டுபிடிப்பது சுலபம். காசு கழிந்த கணக்கின் விவரத்தைத் திறந்து மே 9 வரியைப் பாருங்கள். CEFTS என்று எழுதியிருந்தால் அது அன்றைக்கே கார்ட் வங்கிக்குப் போய்விட்டது. அப்படியானால் 14 வரை வைத்திருந்தது கார்ட் வங்கி. சில வங்கிகளில் உடனடிப் பரிமாற்றத்தில் வந்த கார்ட் பணம் முதலில் பொதுவான ஒரு கணக்கில் இறங்கி, வேலை நாளில்தான் கார்டுக்கு மாற்றப்படும். அந்தத் தாமதத்துக்கு நீங்கள் எப்படியும் பொறுப்பாக முடியாது. SLIPS என்றோ BILL PAYMENT என்றோ இருந்தால், கார்ட் வங்கி சொன்னது உண்மைதான், அவர்களுக்கு 14ஆம் திகதிதான் வந்தது. அனுப்பிய வங்கி சொன்னதும் உண்மைதான், ஆனால் அவர்கள் "அனுப்பியது" 14ஆம் திகதி.

அடுத்ததாகக் கார்ட் ஸ்டேட்மென்டைப் பாருங்கள். அநேகமானவற்றில் இடது பக்கம் இரண்டு திகதி இருக்கும். முதலாவது பரிமாற்றம் நடந்த திகதி, இரண்டாவது கணக்கில் பதிந்த திகதி. உங்கள் கொடுப்பனவு கீழே உள்ள இரண்டில் எந்த மாதிரி விழுந்திருக்கிறது?

```
09/05/2025  14/05/2025  PAYMENT   84,600.00 CR
14/05/2025  14/05/2025  PAYMENT   84,600.00 CR
```

முதல் வரி போல இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. நீங்கள் 9ஆம் திகதி கட்டியதை அவர்களுடைய பதிவே ஒப்புக்கொள்கிறது. பதிந்த திகதியைப் பார்த்துக் கட்டணத்தைப் போட்டது அவர்களுடைய கணக்குமுறையின் பிழை என்று நேரடியாகச் சொல்லலாம். இரண்டாவது வரி போல இருந்தால் கொடுப்பனவு 14ஆம் திகதியாகவே எடுக்கப்பட்டிருக்கிறது. அதை 9க்குப் பின்னோக்கி மாற்றித் தரும்படி நீங்கள் கேட்க வேண்டும். வங்கிக்காரர்கள் இதை "பெக் வேல்யூ" என்பார்கள். கார்ட் பிரிவில் அதைச் செய்ய வழி இருக்கிறது. கிளையில் உட்கார்ந்திருப்பவரால் பெரும்பாலும் முடியாது, அவர் உங்கள் கடிதத்தைத் தலைமை அலுவலகத்தின் கார்ட் பிரிவுக்கு அனுப்பத்தான் முடியும். அதனால் கிளையில் கோபப்பட்டுப் பயனில்லை. கடிதத்தைக் கொடுத்துத் திகதி போட்டு ஒரு பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி வட்டிக்கு வருவோம். இதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் "ஐந்து நாள் பிந்தியதற்கு ஐந்து நாள் வட்டி" என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இருந்தால் கணக்கு மிகச் சின்னது. வருடத்துக்கு 26 வீதம் என்று வைத்துக்கொள்வோம் (உங்கள் வீதம் ஸ்டேட்மென்டில் இருக்கும்). 84,600 ரூபாய்க்கு ஐந்து நாள் வட்டி ஏறத்தாழ 301 ரூபாய். உங்களுக்கு விழுந்தது அதைப் போலப் பல மடங்காக இருக்கும்.

காரணம் இதுதான். கார்டில் வாங்கும் பொருளுக்கு வட்டி இல்லாமல் ஒரு காலம் தருகிறார்கள் அல்லவா, அது முழுத் தொகையும் கடைசித் திகதிக்குள் வந்தால் மட்டும் கிடைக்கும் சலுகை. ஒரு நாள் பிந்தினாலும் அந்தச் சலுகை முழுதாகப் போய்விடும். பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் அதை வாங்கிய நாளிலிருந்தே வட்டி போடுவார்கள். உங்கள் பில் 18 மார்ச் முதல் 17 ஏப்ரல் வரைக்கானது என்று எடுத்துக்கொண்டு, அதில் மூன்று பெரிய செலவுகள் மட்டும் இருந்ததாகக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 22 மார்ச்சில் 40,000 ரூபாய்க்கு ஒரு வாஷிங் மெஷின். 2 ஏப்ரலில் பைக்குக்குச் சாமான்கள் 24,600. 10 ஏப்ரலில் புத்தாண்டுக்கு உடுப்பு 20,000. மொத்தம் 84,600.

மே 14 வரை வாஷிங் மெஷினுக்கு 53 நாள், அதன் வட்டி ஏறத்தாழ 1,510 ரூபாய். பைக் சாமானுக்கு 42 நாள், 736 ரூபாய். உடுப்புக்கு 34 நாள், 484 ரூபாய். கூட்டினால் 2,730. லேட் ஃபீ 2,000ஐ விட வட்டி கூட. இரண்டும் சேர்த்து 4,730 ரூபாய், வெறும் ஐந்து நாளுக்கு, அதுவும் வங்கி மூடியிருந்த நாட்களுக்கு.

வட்டி அத்தோடும் நிற்பதில்லை. 17 ஏப்ரலுக்குப் பிறகு நீங்கள் வாங்கிய பொருட்களுக்கும் அந்தச் சலுகைக் காலம் போயிருக்கும், பெரும்பாலான கார்டுகளில் இதுதான் முறை. இந்தப் பில்லில் அவற்றுக்கும் வட்டி சேர்ந்திருக்கும். 17 மேயிலிருந்து நீங்கள் அடுத்ததாகக் கட்டும் நாள் வரைக்குமான மீதி வட்டி அதற்கடுத்த பில்லில் சின்னத் தொகையாக எட்டிப்பார்க்கும். "எல்லாம் கட்டிவிட்டேனே, பிறகும் எதற்கு வட்டி" என்று ஆட்கள் குழம்புவது இந்த மிச்சத்தைப் பார்த்துத்தான்.

இதனால்தான் லேட் ஃபீயை மட்டும் கேட்காதீர்கள் என்று முதலிலேயே சொன்னேன். கோல் எடுத்தால் அநேகமாக நடப்பது இதுதான்: மறுமுனையில் இருப்பவர் உங்கள் பழைய பதிவைப் பார்ப்பார், ஒழுங்காகக் கட்டுகிற ஆள் என்று தெரிந்ததும் "சரி சேர், இந்த ஒருமுறை லேட் ஃபீயை எடுத்துவிடுகிறோம்" என்பார். நீங்களும் நன்றி சொல்லி வைத்துவிடுவீர்கள். வட்டி அப்படியே இருக்கும், கொடுப்பனவுத் திகதியும் 14ஆகவே இருக்கும், அடுத்த மாதம் மிச்ச வட்டியும் வரும். லேட் ஃபீயை எடுத்துவிடுவது ஒரு சலுகை. உங்களுக்கு வேண்டியது திகதியைத் திருத்துவது. திகதி 9 என்று ஆகிவிட்டால் லேட் ஃபீ, வட்டி, அடுத்த மாத மிச்சம் மூன்றுக்கும் அடிப்படை இல்லாமல் போய்விடும்.

எழுத்தில் கேளுங்கள், தமிழிலேயே எழுதலாம். நீளமாக எழுத வேண்டாம். கிட்டத்தட்ட இப்படி இருந்தால் போதும்:

"எனது கார்டின் (கடைசி நான்கு இலக்கம் ____) ஏப்ரல் மாதப் பில்லுக்குரிய முழுத் தொகையான ரூ. 84,600 ஐக் கடைசித் திகதியான 09.05.2025 அன்று, ____ வங்கியின் ஆப் மூலம் செலுத்தினேன். பரிமாற்ற இலக்கம் ____, நேரம் ____. அது 14.05.2025 அன்றுதான் என் கார்ட் கணக்கில் பதியப்பட்டுள்ளது. இடைப்பட்ட நான்கு நாட்களும் வங்கி விடுமுறை நாட்கள். கொடுப்பனவின் திகதியை 09.05.2025 எனத் திருத்தி, தாமதக் கட்டணத்தையும், அதனால் ஏற்பட்ட முழு வட்டியையும், அடுத்த பில்லில் வரக்கூடிய மீதி வட்டியையும் நீக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். திருத்த முடியாவிடின் அதற்கான காரணத்தை எழுத்தில் தரவும்."

கடைசி வரியை விட்டுவிட வேண்டாம். வாயால் "முடியாது" என்று சொல்வது சுலபம், எழுத்தில் காரணம் கேட்டால் மேலதிகாரி ஒருவர் கோப்பை எடுத்துப் பார்ப்பார். கடிதத்தோடு ஆப்பின் பற்றுச்சீட்டையும், காசு கழிந்த கணக்கின் மே 9 வரியையும் இணையுங்கள். ஸ்கிரீன்ஷொட் மட்டும் போதாது. அதில் நேரம் தெளிவாக இல்லாவிட்டால் ஆப்பில் பழைய பரிமாற்றங்களைத் திறந்து முழு விவரத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். கார்ட் வங்கியிடமிருந்து "உங்கள் கொடுப்பனவு கிடைத்தது" என்று 9ஆம் திகதியே எஸ்.எம்.எஸ் வந்திருந்தாலோ, அன்றிரவே கார்டின் செலவு எல்லை பழையபடி கூடியிருந்தாலோ, அதையும் காட்டுங்கள். காசு அவர்கள் கைக்கு வந்துவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

அனுப்பிய வங்கியிடம் கேட்க வேண்டியது வேறு கேள்வி. "அனுப்பினீர்களா" என்று கேட்டால் "ஆம்" என்றுதான் பதில் வரும். "இந்தப் பரிமாற்ற இலக்கத்துக்குரிய காசு எந்த வழியால், எந்தத் திகதி, எத்தனை மணிக்குக் கார்ட் வங்கிக்குப் போனது" என்று கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் தரச் சொல்லுங்கள். அந்த ஒரு மின்னஞ்சல் கையில் இருந்தால் எந்த வங்கியோடு பேச வேண்டும் என்பது முடிவாகிவிடும்.

வெளிப்படையாகவே சொல்கிறேன். காசு CEFTS வழியாக 9ஆம் திகதி போயிருந்தால் நீங்கள் உரிமையோடு கேட்கலாம், விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. Bill Payment அல்லது SLIPS என்றால் அந்த ஆப்பின் நிபந்தனைகளில் "இத்தனை வேலை நாள் ஆகலாம்" என்று எங்கோ எழுதியிருக்கக்கூடும். அப்போது சட்டப்படி உங்கள் பிடி தளர்ந்துவிடும். ஆனாலும் கேளுங்கள். கடைசித் திகதியிலேயே முழுத் தொகையும் கட்டியவர், இதற்கு முன் பிந்தாதவர், இடையில் வந்ததோ நான்கு நாள் விடுமுறை, இப்படிப்பட்ட விண்ணப்பத்தைக் கார்ட் பிரிவுகள் பொதுவாக ஏற்றுக்கொள்கின்றன. இரண்டாவது தடவை அதே காரணத்தோடு போனால் அவ்வளவு இலகுவாக இருக்காது.

வங்கி பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் நியாயமாக இல்லாவிட்டால், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்குப் போகலாம். தொலைபேசி இலக்கம் 1935. முதலில் வங்கியிடம் எழுத்தில் முறையிட்டீர்களா என்றுதான் அவர்கள் கேட்பார்கள், அதனால் முத்திரை வாங்கிய பிரதி அங்கே கைகொடுக்கும். 2023இல் வந்த நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின் கீழ் வங்கிகள் முறைப்பாடுகளைக் கையாள ஒரு முறையை வைத்திருந்தே ஆக வேண்டும்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது ஒன்று மட்டும் செய்யாதீர்கள். "பிரச்சினை தீரும் வரை கட்டமாட்டேன்" என்று இந்தப் பில்லை நிறுத்திவைக்க வேண்டாம். குறைந்தபட்சத் தொகையும் போகாவிட்டால் இன்னொரு லேட் ஃபீ விழும், அதற்கு உங்களிடம் காரணமும் இருக்காது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் லேட் ஃபீ வராது, ஆனால் வட்டியில்லாக் காலம் மறுபடியும் போய்விடும். ஆகவே கையில் காசு இருந்தால் அந்த லேட் ஃபீயும் வட்டியும் உட்பட முழுவதையும் கட்டிவிடுங்கள். வங்கி ஏற்றுக்கொண்டதும் அந்தத் தொகை உங்கள் கார்டிலேயே வரவாக வந்துவிடும்.

இனிமேல் கட்டும்போது, வேறு வங்கியின் ஆப்பில் கட்டுவதானால் Bill Payment பக்கம் போகாமல், பணம் அனுப்பும் பகுதியில் கார்ட் வங்கியைத் தெரிவுசெய்து, கணக்கு இலக்கம் கேட்கும் இடத்தில் கார்ட் இலக்கத்தைக் கொடுத்து CEFTS வழியாக அனுப்ப முடியுமா என்று கார்ட் வங்கியிடம் ஒருமுறை கேட்டு வையுங்கள். பல வங்கிகள் அப்படி ஏற்றுக்கொள்கின்றன, எல்லாம் இல்லை. முதல் தடவை ஆயிரம் ரூபாய் அனுப்பி, எந்தத் திகதியில் பதிகிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு முழுத் தொகையையும் அனுப்புங்கள். கார்ட் வங்கியின் சொந்த ஆப்பில் அதே வங்கிக் கணக்கிலிருந்து கட்டுவது இதைவிடப் பாதுகாப்பானது. கிளைக்கு வெளியே இருக்கும் பண வைப்பு மெஷினும் நல்லதுதான், ஆனால் பின்னேரத்துக்குப் பிறகு போட்டால் அடுத்த வேலை நாள் என்று சில வங்கிகள் எடுப்பதால் கடைசி நாள் இரவு அதை நம்ப வேண்டாம். வேறு வங்கியின் காசோலை என்றால் மாற்றாகிக் காசாக இன்னொரு வேலை நாள் வேண்டும். ரீலோட் கடையில் கட்டுவதானால் மூன்று வேலை நாள் முன்னதாகவே கட்டிவிடுங்கள்.

உங்கள் அடுத்த கடைசித் திகதி ஜூன் 8 என்று வைத்துக்கொண்டால், அது ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள். 10ஆம் திகதி செவ்வாய் பொசன் போயா. வெள்ளி பின்னேரம் கட்டினால் போன மாதக் கதையேதான், ஆகவே ஜூன் 4 புதன்கிழமைக்குள் கட்டிவிட்டு, 5ஆம் திகதி வியாழக்கிழமை கார்ட் வங்கியின் ஆப்பைத் திறந்து தொகை பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பதிந்திருக்காவிட்டால் வெள்ளிக்கிழமை வங்கி திறந்திருக்கும்போதே போய்க் கேட்க ஒரு முழு நாள் கையில் இருக்கும்.